பராமரிப்புக் கட்டண அறிவிப்பு குறித்து சங்கச் செயலாளருக்குக் கடிதம்

அனுப்புநர்:
இரா. கோமதி,
வீட்டு எண் பி-304,
வேளச்சேரி, சென்னை – 600042.
(தற்போது திருச்சியிலிருந்து)

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
குடியிருப்பு உரிமையாளர்கள் நலச் சங்கம்,
வேளச்சேரி, சென்னை – 600042.

நாள்: 26.03.2025

பொருள்: 20.03.2025 தேதியிட்ட பராமரிப்புக் கட்டண உயர்வு அறிவிப்பின் தெளிவான நகலும் சில விளக்கங்களும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய பராமரிப்புக் கட்டணம் பற்றித் தரைத்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள தாளின் புகைப்படத்தை, நமது பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். என் தாயாரின் சிகிச்சைக்காக ஏப்ரல் நடுப்பகுதி வரை நான் திருச்சியில் இருக்க வேண்டியுள்ளதால், பலகையை நேரில் வந்து பார்க்க இயலவில்லை. கட்டணத்தைச் செலுத்தக் கடைசி நாள் ஏப்ரல் 10 என்று படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டணத்தை உயர்த்தவே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். காவலர் சம்பளமும் பொது மின்சாரக் கட்டணமும் ஏறியிருக்கும்போது, சதுர அடிக்கு ரூ. 3.60 என்ற பழைய விகிதத்திலேயே 48 வீடுகள் கொண்ட வளாகத்தை நடத்துங்கள் என்று செயற்குழுவிடம் கேட்பது நியாயமாகாது.

புகைப்படத்தில் உள்ள சிக்கல் இதுதான். பலகையின் கண்ணாடியில் டியூப் லைட்டின் வெளிச்சம் பட்டு, தாளின் கீழ்ப்பகுதி ஏறக்குறைய வெளுத்துப்போயிருக்கிறது. புதிய விகிதம் அச்சாகியுள்ள இடத்தின் மேல் சங்கத்தின் வட்ட முத்திரை விழுந்திருப்பதால், அது ரூ. 4.30 ஆ, ரூ. 4.80 ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குழுவில் கேட்டபோது இரண்டு பதில்களும் வந்தன. எனது வீடு 1,140 சதுர அடி என்பதால், முதல் விகிதப்படி மாதம் ரூ. 4,902, இரண்டாவது விகிதப்படி ரூ. 5,472 ஆகிறது. மாதத்துக்கு ரூ. 570 வித்தியாசம் என்பதால் இதை ஊகத்துக்கு விட்டுவிட விரும்பவில்லை.

படத்தில் தெளிவாகத் தெரியும் மற்ற எண்களைக் கொண்டு கணக்கிட்டு விடை காண முயன்றேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மாதச் செலவு மதிப்பீட்டில் காவல் ரூ. 84,000, துப்புரவு ரூ. 42,000, பொது மின்சாரம் ரூ. 46,000, லாரித் தண்ணீர் ரூ. 38,000, மேலாளரும் பிளம்பரும் ரூ. 25,000, லிஃப்ட் ஒப்பந்தம் ரூ. 14,000, ஜெனரேட்டர் டீசல் ரூ. 9,000 என்று உள்ளது. இவற்றின் கூட்டுத்தொகை ரூ. 2,58,000, ஆண்டுக்கு ரூ. 30,96,000; அறிவிப்பிலும் அதே தொகைதான் உள்ளது. நமது வளாகத்தின் மொத்தப் பரப்பு 60,000 சதுர அடி என்பதால், இந்தச் செலவை ஈடுகட்டச் சதுர அடிக்கு ரூ. 4.30 சரியாகப் போதும். ஆனால் பி வகை வீடுகளுக்கான காலாண்டுத் தொகையாக ரூ. 16,416 என்று அதே தாளில் அச்சாகியுள்ளது, அது ரூ. 4.80 விகிதத்தில் மட்டுமே வரும் தொகை.

இடைப்பட்ட 50 காசு, 60,000 சதுர அடிக்கு ஓராண்டில் ரூ. 3,60,000 ஆகிறது. இது சிங்கிங் ஃபண்டுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். “இணைப்பு 2-ஐக் காண்க” என்று தாளில் ஒரு வரி இருக்கிறது; அந்த இணைப்பை யாரும் படமெடுத்து அனுப்பவில்லை. என் ஊகம் சரியென்றால், அந்த நிதியை நான் மனதார வரவேற்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியபோது, கீழ்த்தளத்து மோட்டார்களையும் மின் பலகையையும் சீர்செய்ய வீட்டுக்கு வீடு திடீர் வசூல் செய்ய நேர்ந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவர் வண்ணம், மொட்டைமாடி நீர்க்கசிவு என்று வரிசையாகச் செலவுகள் காத்திருக்கின்றன. ஆனால் அன்றாடச் செலவுக்கான கட்டணமும் எதிர்காலத்துக்கான சேமிப்பும் ஒரே விகிதத்துக்குள் கலந்து நின்றால், ஓரிரு ஆண்டுகளில் எது எதற்காக வசூலிக்கப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும். எனவே, அந்த 50 காசு ரசீதில் தனி வரியாகக் காட்டப்படுமா, தனி வங்கிக் கணக்கிலோ வைப்புத்தொகையிலோ வைக்கப்படுமா, அதிலிருந்து பணம் எடுக்க யாருடைய ஒப்புதல் தேவைப்படும் என்பவற்றைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ஜிஎஸ்டி. தாளின் அடிப்பகுதியில் “ஜிஎஸ்டி 18% தனி” என்ற சொற்கள் மங்கலாகத் தெரிகின்றன. அதற்கு முன்போ பின்போ வேறு சொற்கள் இருந்தனவா என்று தெரியவில்லை. எல்லா வீடுகளுக்கும் இது பொருந்தும் என்று பொருள் கொண்டால், எனது காலாண்டுத் தொகையோடு மேலும் ரூ. 2,954.88 சேர வேண்டும். நான் அறிந்தவரை, சங்கத்தின் ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டினாலும், உறுப்பினர் ஒருவரின் கட்டணம் மாதம் ரூ. 7,500-க்கு உட்பட்டிருந்தால் அதற்கு வரிவிலக்கு உண்டு. மூன்று மாதத் தொகையை ஒன்றாக வசூலிப்பதால் அது ரூ. 7,500-ஐத் தாண்டிவிட்டதாகக் கொள்வது பொருந்தாது. வரம்பு மாதக் கணக்குக்கு உரியது. ஆகவே ஏ, பி வகை வீடுகள் எந்த விகிதத்திலும் வரிக்குள் வரமாட்டா.

சி வகை வீடுகளின் நிலை வேறு. 1,680 சதுர அடிக்கு ரூ. 4.30 என்றால் மாதம் ரூ. 7,224, வரம்புக்குள் அடங்குகிறது. ரூ. 4.80 என்றால் ரூ. 8,064, வரம்பைத் தாண்டுகிறது. முத்திரைக்கு அடியில் மறைந்திருக்கும் அந்த ஓர் இலக்கம் பன்னிரண்டு குடும்பங்களுக்கு வரி உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கக்கூடும் என்பதால்தான், எனக்கு நேரடித் தொடர்பில்லாத இந்தக் கணக்கையும் எழுதுகிறேன். வரம்பைத் தாண்டும்போது முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் வரித்துறை சுற்றறிக்கை வெளியிட்டது. கூடுதலான தொகைக்கு மட்டுமே வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் முறையில் ஒரு சி வகை வீட்டுக்கு மாதம் ரூ. 1,451.52; இரண்டாவது முறையில் ரூ. 101.52. சிங்கிங் ஃபண்டுக்கான 50 காசை இந்த வரம்பில் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. இவற்றில் சங்கம் எந்த நிலையை மேற்கொள்கிறது என்பதைத் தணிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அவர் தரும் குறிப்பை உறுப்பினர்களுக்கு அனுப்பினால், பின்னாளில் வசூலித்ததைத் திருப்பித் தரும் தொல்லையோ நிலுவை வரி கட்டும் தொல்லையோ சங்கத்துக்கு இராது.

லாரித் தண்ணீர் பற்றியும் ஒரு விளக்கம் வேண்டுகிறேன். மாதம் ரூ. 38,000 என்பது பன்னிரண்டு மாதங்களுக்கான சராசரியா, அல்லது கோடை மாதங்களின் செலவை ஆண்டு முழுவதற்கும் பெருக்கியதா? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நமது ஆழ்குழாய்க் கிணற்றிலும் சம்ப்பிலும் தண்ணீருக்குக் குறைவிருப்பதில்லை. அந்த மாதங்களில் லாரி வளாகத்துக்குள் வருவதே அரிது. கடந்த ஆண்டின் லாரி ரசீதுகளை மாதவாரியாகக் கூட்டினால் இது தெரிந்துவிடும். தொகை சரியாகவே இருந்தால் எனக்கு மறுப்பில்லை. கோடைக் கணக்காக இருந்தால், மிஞ்சும் பணம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டும்.

“செயற்குழுத் தீர்மானப்படி” என்று அறிவிப்பின் தலைப்பில் உள்ளது. கட்டண விகிதத்தை மாற்றப் பொதுக்குழுவின் ஒப்புதல் தேவை என்று நமது துணை விதிகள் கூறுவதாக என் நினைவு. கடந்த செப்டம்பர் பொதுக்குழுவில் உயர்வு பற்றிப் பேசப்பட்டது; நான் கலந்துகொண்டவரை விகிதம் எதுவும் முடிவாகவில்லை. நான் புறப்பட்ட பிறகு தீர்மானம் நிறைவேறியிருந்தால் அந்த நடவடிக்கைக் குறிப்பின் நகல் போதுமானது. இல்லையெனில், விரைவில் ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டி ஒப்புதல் பெற்றுவிடுவது செயற்குழுவுக்கே பாதுகாப்பு.

இறுதியாக, பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வெளிச்சத்தில் மறைந்துள்ளன. கிளையின் பெயரும் எனது ஜனவரி ரசீதில் உள்ளதிலிருந்து வேறுபடுவதுபோல் தெரிகிறது. கணக்கு உண்மையிலேயே மாறியிருந்தால், அதைத் தங்கள் கையொப்பத்துடன் மின்னஞ்சலில் உறுதிப்படுத்த வேண்டுகிறேன். பலர் கைமாறி வரும் ஒரு படத்தை நம்பிப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்புவது இன்றைய நிலையில் உசிதமல்ல என்பதைத் தாங்களும் ஏற்பீர்கள். தாமதக் கட்டணம் ரூ. 50 என்பது நாளுக்கா, மாதத்துக்கா என்பதும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுள்ளது.

மேற்கண்ட விளக்கங்கள் கிடைக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்க நான் விரும்பவில்லை. எனவே, ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்குப் பழைய விகிதப்படி ரூ. 12,312-ஐ ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் பழைய கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன். விகிதம் உறுதியானதும், மீதி ரூ. 2,394 ஆனாலும் ரூ. 4,104 ஆனாலும், தங்கள் பதில் கிடைத்த ஏழு நாட்களுக்குள் செலுத்துவேன். அந்த மீதிக்குத் தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அறிவிப்பையும் அதன் இரு இணைப்புகளையும் கணினியிலிருந்தே பிடிஎஃப் கோப்பாகக் குழுவில் பகிர்ந்தால், என்னைப்போல் வெளியூரில் இருப்பவர்களுக்கும், பலகையின் முன் நின்று படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் உதவியாக இருக்கும். ஊதியம் ஏதும் பெறாமல் செயற்குழுவினர் இந்தப் பணியைச் செய்துவருவதை நன்கு அறிவேன்; தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்குப் பொறுத்தருள்க. ஏப்ரல் 4-ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் நன்றியுடையவளாவேன்.

இக்கடிதத்தின் அச்சுப் பிரதியை எதிர்வீட்டுக்காரர் தங்களிடம் நேரில் சேர்ப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கோமதி
உரிமையாளர், பி-304

இணைப்பு: புகைப்படத்தின் அச்சுப் பிரதி (தெளிவற்ற இடங்கள் வட்டமிடப்பட்டுள்ளன), ஜனவரி 2025 கட்டண ரசீதின் நகல்.

நகல்: பொருளாளர் அவர்கள்