சூரத்துல் கவ்ஸர், 3ஆம் வசனம்: சொல்லுக்குச் சொல் இஃராப்

வசனம்: இன்ன ஷானிஅக ஹுவல் அப்தர் (108:3)
பொருள்: நிச்சயமாக உம்மைப் பகைப்பவனே வேரறுந்தவன்.

தமிழில் 'பகைப்பவனே' என்ற ஏகாரம் எங்கிருந்து வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான்கே சொற்கள்தான், சிக்கல் மூன்றாவது சொல்லில் இருக்கிறது.

இன்ன: ஹர்ஃபு தவ்கீத், நஸ்பு செய்வது. ஃபத்ஹாவின் மீது மப்னி. இஃராபில் இதற்கு இடமில்லை. முப்ததாவைத் தன் இஸ்மாக்கி நஸ்பு கொடுக்கும். கபரை ரஃப்உ நிலையில் வைக்கும்.

ஷானிஅ: இன்னவின் இஸ்மு, மன்ஸூப். நஸ்பின் அடையாளம் ஹம்ஸாவின் மேலுள்ள ஃபத்ஹா. அதுவே முளாஃப், ஆகவே தன்வீன் இல்லை. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: சொல்லின் கடைசியில் காதில் விழும் 'க'வின் ஃபத்ஹாவை நஸ்பின் அடையாளம் என்று எழுதிவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்க, ஒரு பெண்ணை நோக்கிச் சொல்வதாக மாற்றுங்கள்: 'ஷானிஅகி'. காஃப் கஸ்ராவுக்குப் போய்விட்டது. ஹம்ஸாவின் ஃபத்ஹா அசையவில்லை. அசையாமல் நிற்பதுதான் இஃராபின் அடையாளம்.

ஸர்ஃப்: மூல எழுத்துகள் ஷீன், நூன், ஹம்ஸா. ஃபாயில் வஸனில் வந்த இஸ்முல் ஃபாயில். ஹம்ஸா இங்கே அசல் எழுத்து, லாம் கலிமாவின் இடத்தில் இருக்கிறது. 'காயில்' (சொல்பவன்) என்பதில் வாவு ஹம்ஸாவாக மாறியதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதே மூலத்தின் மஸ்தர் 'ஷனஆன்' 5:2இல் வருகிறது: ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை.

க: முத்தஸிலான ளமீர், ஃபத்ஹாவின் மீது மப்னி, ஜர்ரு இடத்தில் முளாஃப் இலைஹி. பொருளில் இது பகைக்கு ஆளாகிறவர், அதாவது மஃப்ஊலின் பொருள். இலக்கண இடம் மட்டும் ஜர்ரு.

ஹுவ: இரண்டு விதமாக இஃராப் செய்யலாம், இரண்டும் சரி.

ஒன்று, ளமீருல் ஃபஸ்ல். இஃராபில் இடமில்லை, 'அல் அப்தரு' நேரடியாக இன்னவின் கபர். இரண்டு, 'ஹுவ' ரஃப்உ இடத்தில் முப்ததா, 'அல் அப்தரு' அதன் கபர். இரண்டும் சேர்ந்த ஜும்லா இஸ்மிய்யா, ரஃப்உ இடத்தில் இன்னவின் கபர்.

இவற்றில் முதலாவதை முன்னால் எழுதுங்கள். கபருக்கும் ஸிஃபத்துக்கும் இடையே பிரித்துக் காட்டுவதால்தான் அதற்கு ஃபஸ்ல் என்று பெயர். 'ஹுவ'வை எடுத்துவிட்டு வசனக் கடைசியில் வக்ஃபு செய்து பாருங்கள்: 'இன்ன ஷானிஅகல் அப்தர்'. ராவின் ஹரகத் காதில் விழாது. 'அப்தரா'ன உம் பகைவன் என்ன ஆனான் என்று கேட்பவர் கபருக்காகக் காத்திருக்க இடமுண்டு. 'ஹுவ' வந்ததும் அந்தச் சந்தேகம் போய்விடுகிறது. கூடவே ஹஸ்ரையும் தருகிறது: அவன்தான், நீர் அல்ல. தமிழ் ஏகாரம் இதன் பெயர்ப்பு.

ஃபஸ்லுக்கு இரு பக்கமும் மஃரிஃபா வேண்டும். 'ஷானிஅக' மஃரிஃபாவா? இஸ்முல் ஃபாயில் நிகழ்காலத்தையோ எதிர்காலத்தையோ குறித்தால் இளாஃபத் லஃப்ளிய்யா, மஃரிஃபா ஆகாது. இங்கே பகை அவனிடம் நிலைத்த தன்மை; எனவே இளாஃபத் மஃனவிய்யா, மஃரிஃபா ஆகிறது. இதை எழுதாமல் ஃபஸ்ல் என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான்.

'ஹுவ'வை 'ஷானிஅ'வுக்குத் தவ்கீத் என்று எழுத வேண்டாம். வெளிப்படையான பெயரை ளமீர் தவ்கீத் செய்யாது.

அல் அப்தரு: மர்ஃபூஉ, அடையாளம் ளம்மா, ஓதும்போது வக்ஃபினால் ஸுகூன். அஃப்அல் வஸனைப் பார்த்ததும் இஸ்முத் தஃப்ளீல் என்று எழுதிவிடாதீர்கள். 'மிக அறுந்தவன்' என்ற ஒப்பீடு இங்கே இல்லை. பெண்பால் 'பத்ராஃ', பன்மை 'புத்ர்'. 'அஹ்மர், ஹம்ராஃ, ஹும்ர்' போல இது ஸிஃபா முஷப்பஹா. 'பத்ர்' என்றால் வெட்டுதல்.

ஜும்லாவின் இடம்: முந்தைய வசனத்தின் கட்டளைக்குக் காரணம் சொல்லும் ஜும்லா, இஃராபில் இடமில்லை.

பயிற்சி: இன்னவின் கபர் எப்படியும் மர்ஃபூஉ என்பதால் இவ்வசனத்தின் ஹரகத், மேற்சொன்ன இரண்டில் எது என்று காட்டிக்கொடுக்காது. 'கான' வந்தால் காட்டிக்கொடுக்கும். 8:32இல் 'இன் கான ஹாதா ஹுவல் ஹக்க' என்பதையும், 5:117இல் 'குன்த அன்தர் ரகீப அலைஹிம்' என்பதையும் எடுத்து, 'ஹக்க', 'ரகீப' இரண்டிலும் ஃபத்ஹா ஏன் வந்தது, அங்கே ளமீரை முப்ததாவாக்கினால் ஹரகத் எப்படி மாறியிருக்கும் என்று எழுதுங்கள்.