காசில்லா வழிகள் இருந்தும் கடைக்கு வருவது ஏன்?
சைதாப்பேட்டை கைபேசி பழுதுபார்ப்புக் கடைக்கான வாடிக்கையாளர் ஆய்வறிக்கை

பெறுநர்: கடை உரிமையாளர், பஜார் சாலைக் கிளை

சார்ஜிங் போர்டு மாற்றும் கூலியைக் குறைப்பதா, ‘செக்கிங் இலவசம்’ என்று பலகை வைப்பதா என்ற கேள்வியோடு தாங்கள் இந்த ஆய்வை ஒப்படைத்தீர்கள். வாரண்டி உள்ளவர்களுக்கு நிறுவன சர்வீஸ் சென்டரும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட உறவுக்காரப் பையனும் இலவசமாக வேலை செய்துகொடுக்கும்போது, கட்டணம் வாங்கும் கடை விலையைக் குறைத்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்பது தங்கள் கணிப்பு. ஐப்பசி மழைக்காலத்தில் கடைக்கு வந்தவர்களிடம் பேசியதில், அந்தக் கணிப்பு பொருந்தவில்லை என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். அவர்களில் பலர் இலவச வழியை அறிந்திருந்தார்கள். சிலர் அதில் பாதி தூரம் போய்விட்டே திரும்பி வந்திருந்தார்கள்.

பின்பற்றிய முறை ‘ஜாப்ஸ் டு பி டன்’ எனப்படுவது. ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் பரப்பிய இக்கருத்தின்படி, மனிதர்கள் ஒரு பொருளை வாங்குவதில்லை. தம் வாழ்வில் ஆகவேண்டிய ஒரு காரியத்துக்காக அதை வேலைக்கு அமர்த்துகிறார்கள். காலையில் நீண்ட தூரம் காரோட்டி வேலைக்குப் போகிறவர்கள் வழியில் மில்க் ஷேக் வாங்கியது, பயணச் சலிப்பைப் போக்கவும் முற்பகல் வரை பசி தாங்கவும்தான் என்பது அவர் வழக்கமாகச் சொல்லிவந்த எடுத்துக்காட்டு. அந்த மில்க் ஷேக்குக்குப் போட்டி இன்னொரு கடையின் மில்க் ஷேக் அன்று, வாழைப்பழம். அதுபோல நம் கடைக்குப் போட்டி யார் என்பதை, வாடிக்கையாளர் ஆற்றிக்கொள்ள நினைக்கும் காரியத்தை வைத்தே அறிய முடியும். ஆகவே ‘போனில் என்ன கோளாறு’ என்று தொடங்காமல், ‘முதன்முதலில் எப்போது சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது, இடையில் என்ன செய்து பார்த்தீர்கள், இன்றைக்கு ஏன் வந்தீர்கள்’ என்று நடந்ததை நடந்த வரிசையில் கேட்டேன். அபிப்பிராயம் கேட்டால் எல்லோரும் ‘விலை குறைவு, அதனால் வந்தேன்’ என்கிறார்கள். நடந்ததைக் கேட்டால் விலை பேச்சில் வர வெகுநேரம் ஆகிறது.

உணவு விநியோக வேலையில் இருக்கும் ஓர் இளைஞரின் வரலாற்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஏறக்குறைய எல்லாக் கூறுகளும் அதில் இருக்கின்றன. அவருடைய போனில் சார்ஜிங் பின் தளர்ந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஒயரை ஒரு கோணத்தில் வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, பவர் பேங்க்கோடு வண்டியில் கட்டிக்கொண்டு ஓட்டினார். வாரண்டி இன்னும் நான்கு மாதம் மிச்சம் இருப்பதும் அவருக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் நாம் எவ்வளவு விலையைக் குறைத்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். அப்போது அவர் அமர்த்தியிருந்த வேலையாள் அந்த ரப்பர் பேண்ட்தான், அதற்குக் கூலி கிடையாது. பிறகு ஒரு மாலை, பையில் சாப்பாடு இருக்க, முகவரி காட்டும் திரை அணைந்துவிட்டது. மறுநாள் காலை சர்வீஸ் சென்டருக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு நாள் ஆகும், போனை ரீசெட் செய்ய நேரிடலாம், அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடுங்கள் என்றார்கள். கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிட்டார். நம் கடையில் 450 ரூபாய் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் சார்ஜிங் போர்டு மாற்றிக்கொண்டு, மதிய நேர ஆர்டர்களுக்குக் கிளம்பினார்.

அவருக்கு அந்த 450 ரூபாய் எதற்கான விலை? இரண்டு நாள் வருமானம் போகாமல் இருப்பதற்கு என்பது வெளிப்படை. அதற்குச் சமமான இன்னொன்று, போன் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்பி வருவது. யுபிஐ செயலிகள் குறிப்பிட்ட சிம்மோடும் கருவியோடும் பிணைக்கப்பட்டவை. ரீசெட் ஆனால் அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மீண்டும் பதிவு செய்ய வேண்டும். வேலைச் செயலியில் மறுபடி நுழைய வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்கள் பேக்கப் எடுக்காவிட்டால் போயே போயிற்று. ஆண்ட்ராய்டில் அந்த பேக்கப்பும் 2024 முதல் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்கிடப்படுவதால், இடம் நிரம்பி பேக்கப் நின்றுபோனதைக் கவனிக்காதவர்கள் ஏராளம். ‘சரி பண்ணிக் கொடுங்க’ என்று வருகிறவர் உண்மையில் கேட்பது, ‘எதையும் மறுபடி ஆரம்பிக்க விடாதீங்க’ என்பதை.

இலவசம் என்று நாம் கருதும் வழிகள் ஒவ்வொன்றும் வேறொரு நாணயத்தில் கூலி வாங்குகின்றன. சர்வீஸ் சென்டர் வாங்குவது நேரமும் தரவும். உறவுக்காரர் வாங்குவது எது என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகுந்த பயன் தந்த பகுதி அதுவே.

வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாள், டிஸ்ப்ளே உடைந்த போனோடு வந்தார். அக்காள் மகன் போன் ரிப்பேர் தெரிந்தவன், ஸ்பேர் வாங்கிக் கொடுத்தால் கூலியில்லாமல் மாட்டிவிடுவான். ‘அவன்கிட்ட ஏம்மா குடுக்கல?’ என்றதற்கு முதலில் ‘அவனுக்கு நேரமில்ல’ என்றார். சற்றுப் பேசிய பிறகுதான் விஷயம் வந்தது: போனில் சீட்டுப் பணம் கட்டிய செய்திகள் இருக்கின்றன, அவர் சீட்டு கட்டுவது அக்காவுக்குத் தெரியாது. அறிமுகமில்லாத கடைக்காரர் அதைப் பார்த்தாலும் அவருக்கு அதில் அர்த்தம் ஒன்றுமில்லை. உறவு பார்த்தால் அன்று மாலையே வீடு முழுக்கத் தெரிந்துவிடும். அந்தரங்கம் என்றதும் அந்நியர்களிடமிருந்து காப்பது என்றே நாம் நினைக்கிறோம். இங்கே அந்நியரே பாதுகாப்பான கை.

அதே அம்மாள் இன்னொன்றும் சொன்னார்: ‘காசு குடுத்தா கேக்கலாம். அவன் பண்ணி டச் வேலை செய்யலன்னா என்னன்னு கேக்கறது?’ கட்டணம் என்பது இவ்விடத்தில் குறை சொல்லும் உரிமைக்கான விலை. மேலும் இலவசமாகச் செய்தவனுக்கு நன்றிக்கடன் நிற்கும். தீபாவளிக்கு அவன் கடன் கேட்டால் மறுக்க முடியாது. பணம் கொடுத்தால் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் வேறு சொற்களில் இதையே சொன்னார். அவருடைய போனில் ஸ்பீக்கர் வலையில் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் வழி சொல்லியிருப்பான், கூடவே ‘இதுகூடத் தெரியாதா’ என்றும் சொல்லியிருப்பான். பிரஷ்ஷால் சுத்தம் செய்ததற்கு 50 ரூபாய் கொடுத்துவிட்டு மதிப்போடு படி இறங்கினார்.

வீடியோ பார்த்துத் தானே செய்து பார்ப்பவர்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. ஹீட் கன் இல்லாமல் ஹேர் ட்ரையரால் பின்பக்கத்தைத் திறந்து, ஃபிளெக்ஸ் கேபிளைக் கிழித்து, பாகங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவரும் கல்லூரி மாணவருக்கு, அப்பாவுக்குத் தெரிவதற்குள் போன் பழைய உருவத்துக்கு வந்தாக வேண்டும். அவரிடம் ‘யாருப்பா இதைத் தொட்டது?’ என்று நம் டெக்னீசியன் எல்லோர் முன்னிலையிலும் கேட்பது வழக்கமாக இருக்கிறது. அதை நிறுத்திவிடலாம்.

நமக்கு உண்மையான பெரும் போட்டி எந்தப் பழுதுபார்ப்பவரும் அல்லர். அப்படியே வைத்து ஓட்டுவதுதான். விரிசல் விட்ட கண்ணாடியோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நம் தெருவிலேயே எத்தனையோ பேர். அவர்களை நகர்த்துவது விரிசலின் நீளமன்று, அது எங்கே போகிறது என்பதே. யுபிஐ பின் தட்டும் எண்களில் ஒன்றின் மேல் டச் செத்துப்போனால், மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டு பணம் அனுப்ப முடியாமல் தவித்த அன்றே கடைக்கு வந்துவிடுகிறார்கள். மழைநீர் புகுந்த போன்களும் அவ்வாறே. நீர் புகுந்த பழுதும் கீழே விழுந்து உடைந்ததும் பொதுவாக வாரண்டிக்குள் வருவதில்லை என்பதால், அங்கே இலவச வழி என்று ஒன்று தொடக்கத்திலேயே இல்லை.

தள்ளும் காரணங்களும் இழுக்கும் காரணங்களும் இவ்வளவு இருந்தும், வாசலில் தயங்கி நிற்பவர்களையும் பார்த்தேன். அவர்களைத் தடுப்பது பயம்: நல்ல பாகத்தை உருவிவிடுவார்கள், ஒரிஜினல் என்று சொல்லி காப்பி டிஸ்ப்ளே போடுவார்கள், போட்டோக்களைப் பார்ப்பார்கள், சொன்ன விலை ஒன்று வாங்கும் விலை ஒன்று. இந்த நான்கில் ஒன்றைக்கூட விலைக்குறைப்பு தணிக்காது. கூலியைச் சட்டென்று குறைத்தால் முதல் இரண்டு பயமும் கூடவே செய்யும். ‘செக்கிங் இலவசம்’ என்ற பலகையைப் பற்றிக் கேட்டபோது, ‘சும்மா பாத்துட்டு எதையாவது கழட்டி வெச்சுடுவாங்க’ என்று ஒருவர் சொன்னதைத் தாங்களும் அருகில் இருந்து கேட்டீர்கள்.

இவற்றிலிருந்து என் பரிந்துரைகள் பின்வருமாறு. கூலியைக் குறைக்க வேண்டாம். இலவசப் பலகையும் வேண்டாம். அந்த இடத்தில் வேலை, ஆகும் நேரம், விலை மூன்றும் எழுதிய பலகை ஒன்றை வையுங்கள், நேரத்தைப் பெரிய எழுத்தில். டிஸ்ப்ளேக்கு ஒரிஜினல், காப்பி இரண்டின் விலையையும் தனித்தனியே எழுதி, எது மாட்டப்படுகிறது என்பதை பில்லில் குறியுங்கள். உள்ளே இருக்கும் வேலை மேசையை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே போனைத் திறந்து, கழற்றிய பழைய பாகத்தை அவர் கையிலேயே கொடுங்கள். போனை வாங்கும்போது *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை பில்லில் எழுதித் திருப்பித் தரும்போது ஒத்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை. லாக் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, டச் சோதனைக்கு வாடிக்கையாளரையே திறக்கச் சொல்லுங்கள். இரவு தங்க வேண்டிய போன்களுக்கு, சிம் போட்டுக்கொள்ள இரண்டு மூன்று பழைய பட்டன் போன்களை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்; ஓடிபி வரும், அழைப்பு வரும், அது போதும்.

வாரண்டி மிச்சமிருக்கும் போன்களில் மட்டும் கண்டிப்பு தேவை. வெளியில் திறந்தால் வாரண்டி மறுக்கப்படலாம் என்பதைத் திறப்பதற்கு முன்பே சொல்லி, சம்மதத்தை பில்லில் வாங்குங்கள். மதர்போர்டு கோளாறாக இருந்தால், பெரிய செலவு மிச்சமாகும் என்பதால் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பிவிடுவது நல்லது. அந்த வேலைக்கு நம்மை அமர்த்திக்கொண்டவர் பின்னால் வருந்துவார், நான்கு பேரிடம் சொல்லவும் செய்வார்.

இந்த முடிவுகள் மழைக்காலத்தில், ஒரே கடையில் கேட்டவை என்பதால், மார்கழி முழுவதும் பில் புத்தகத்தில் கூடுதலாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: ‘இங்கே வருவதற்கு முன் என்ன செய்து பார்த்தார், இன்று என்ன நடந்ததால் வந்தார்.’ பெயரும் எண்ணும் அந்த வரியில் வேண்டாம். விலையைக் காரணமாகச் சொல்லித் திரும்பிப் போனவர்களைத் தனிப் பக்கத்தில் குறிக்கட்டும். அந்தப் பக்கம் பில் புத்தகத்தின் வரிகளை விட வேகமாக நிரம்பினால், கூலியைப் பற்றிய பேச்சை தை மாதத்தில் மறுபடி எடுத்துக்கொள்வோம்.