காய்ச்சல் விடும் நாள்

சிங்கப்பூர் துவாஸ் விடுதி அறையில் பகலில் ஆள் இருக்காது. பகல் ஷிப்ட்காரர்கள் விடியும் முன்பே லாரி ஏறிவிடுவார்கள். கப்பல் பட்டறையில் இரவெல்லாம் வெல்டிங் அடித்துவிட்டு வந்து படுத்த செந்திலை, பதினொரு மணிக்குக் குளிர் உலுக்கி எழுப்பியது. கண்ணுக்குப் பின்னால் குடைந்து வலித்தது.

ஊரில் இப்போது எட்டரை. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடும். அக்காவுக்கு அடித்தான். அறந்தாங்கிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள், டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடா?"

"முந்தாநேத்து ராத்திரியிலேருந்து."

"காய்ச்சலோடவா வேலைக்குப் போன? என்ன மாத்திரை போட்ட?"

"பனடோல். பக்கத்து பெட் அண்ணன் புரூபன் குடுத்திருக்காரு. உடம்பு வலி தாங்கல, அதைப் போடலாமான்னு..."

"தொடாத. டெங்குவா இருந்தா அது ரத்தக்கசிவை அதிகமாக்கிடும். பனடோல் போதும், ஆறு மணி நேரம் விட்டுப் போடு. ஒண்ணுக்குப் போனியா?"

யோசித்தான். "வந்ததிலேருந்து இல்லக்கா."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. அதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல். இரண்டு நாளாக அக்கா வீட்டில்தான் இருக்கிறதாம். போனைப் பிடுங்கியேவிட்டது.

"ஐயா, சாப்பிட்டியா? கஞ்சி வச்சுத் தர அங்க யாரு இருக்கா?"

"காய்ச்சல் குறையுதும்மா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம், போயே ஆகணும்."

ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு இன்னும் வட்டி ஓடுகிறது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா போனை வாங்கினாள். "நல்லாக் கேளு. காய்ச்சல் விடுதுன்னு எழுந்து போற ஆளுங்கதான் எங்ககிட்ட மயங்கி வர்றாங்க. டெங்குவில காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் கவனமா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம் ஏதாவது இருக்கா?"

"வாந்தி. ரெண்டு தடவை."

"உப்பு, சர்க்கரை கலந்த தண்ணி குடிச்சுக்கிட்டே கிளினிக்குக்குப் போ. ரத்தம் பார்க்கச் சொல்லு. தனியாப் போகாத, தலை சுத்தும். கீழ செக்யூரிட்டிகிட்ட சொல்லு."

"ஓவர்டைம்க்கா..."

அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "வட்டிக்காரன் வாசலுக்கு வந்தா நான் பேசிக்கிறேன். நீ போய்யா."

படி இறங்கும்போது செக்யூரிட்டி தோளைப் பிடித்துக்கொண்டார். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வருவதற்குள் மறுபடியும் அக்காவுக்கு அடித்தான்.

"டெங்குதானாம். பிளேட்லெட் 62 ஆயிரம்."

"சேர்த்துக்கிறாங்களா?"

"ஆமா."

"சரி. சூப்பர்வைசர் நம்பரை எனக்கு அனுப்பிட்டுப் படு. நான் பேசுறேன்."