கீழத் தெருவுக்குக் குடிநீர் சரியாக வரவில்லை: நேரில் வந்து பார்க்கக் கேட்டு

நாள்: 16.6.2025

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கீழத் தெருவின் கடைசியில் 27-ஆம் எண் வீட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வளவில் ஆறு வீடுகள், ஆறுக்கும் தனித்தனிக் குடிநீர் இணைப்பு இருக்கிறது. பங்குனி வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 5 மணிக்குத் தண்ணீர் வந்துவிடும். வாறுகால் வேலைக்காகத் தெருவைத் தோண்டி மூடினார்களே, அதற்கப்புறம்தான் எல்லாம் மாறிப்போனது.

இப்போது நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. போன வாரம் ராத்திரி 2 மணிக்கு வந்து 3 மணிக்கு நின்றுவிட்டது. முதலில் குழாயில் வெறும் காற்றுதான் சீறும், அப்புறம் கலங்கலாக ஒரு செம்பு, அதன்பிறகு நூல் மாதிரி வரும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்தேன், 15 லிட்டர் குடம் நிறைய 11 நிமிடம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து குடம் கிடைத்தது, நாலு பேர் நாலு நாள் அதில்தான் ஓட்ட வேண்டும். போர் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. அடுத்த வீட்டு ஆச்சி இந்த வயதில் இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு மேலத் தெரு வரை நடக்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் பொறுத்துக்கொள்வோம். மலையில் சாரல் விழுகிறது, தாமிரபரணியில் தண்ணீர் போகிறது, மேலத் தெருவில் குழாய் நன்றாகவே ஊற்றுகிறது. அதனால் கோளாறு எங்கள் தெருவுக்குள்தான் இருக்க வேண்டும். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் திறந்துவிட்ட மறுநாள் வரைக்கும் மண் சொதசொதவென்று இருக்கிறது, காலை வைத்தால் அமுங்குகிறது. அந்த இடத்தில் குழாய் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே சாக்கடை ஓடுகிறது, தண்ணீர் நிற்கிற நேரத்தில் அந்த அழுக்கு குழாய்க்குள் இழுத்துக்கொள்ளுமே என்பதுதான் எனக்குப் பெரிய பயம். சின்னப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.

தெரு முனையில் உள்ள கேட் வால்வு பாதிதான் திறக்கிறது என்று தண்ணீர் திறந்துவிடும் தம்பி சொன்னார். அவர் மேல் குறை ஒன்றும் இல்லை, கேட்டால் உள்ளதைச் சொல்கிறார். நடுவில் சில வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்றும் பேச்சு இருக்கிறது, நான் கண்ணால் பார்க்கவில்லை, அதையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

நான் கேட்பது இதுதான். தண்ணீர் விடும் நாளிலேயே பொறியாளரை அனுப்புங்கள், மற்ற நாளில் வந்தால் ஒன்றும் தெரியாது. வால்வுக்குப் பக்கத்திலும் எங்கள் கடைசி வீட்டிலும் அழுத்தமானி வைத்து அளந்து பார்க்கட்டும். பாலத்துப் பக்கம் தோண்டிப் பார்க்கட்டும், அந்தக் கலங்கல் தண்ணீரையும் பரிசோதனைக்கு எடுக்கட்டும். சரிசெய்கிற வரைக்கும் லாரித் தண்ணீராவது விடுங்கள், எந்த நாள் எத்தனை மணி என்று தெருமுனையில் எழுதிப் போட்டால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் மாதமே ஒரு மனு கொடுத்தேன், பதில் வரவில்லை. ரசீதின் நகலும் குடிநீர் வரி கட்டிய ரசீதும் இதோடு வைத்திருக்கிறேன். எந்த நேரம் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும், இடத்தை நானே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்
27, கீழத் தெரு
(வளவில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்)