தேன் ஈரப்பதமானி வெளியீடு: இணையவழிக் கூட்டத்தின் தொடக்க உரை

அனைவருக்கும் மாலை வணக்கம். மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை, திருவட்டாறு பகுதிகளிலிருந்து இணைந்திருக்கும் தேனீ வளர்ப்போரை மனமார வரவேற்கிறேன். ரப்பர் மரம் தளிர்விடும் பருவத்தில் பெட்டி நிறையத் தேன் கிடைத்தும், ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியதால் விலை குறைந்துபோன வருத்தம் உங்களில் பலருக்கு உண்டு என்பதை அறிவேன். அதை மனத்தில் வைத்தே எங்கள் குழு உருவாக்கிய கையடக்க ஈரப்பதமானியை இன்று வெளியிடுகிறோம்.

முதல் 10 நிமிடங்கள் கருவியின் அறிமுகம். அடுத்து, இன்று காலை அடையிலிருந்து எடுத்த தேனில் ஒரு சொட்டைக் கருவியின் கண்ணாடியில் விட்டு, அளவு தெரிவதை நேரலையில் காட்டுவோம். நான் மிகவும் எதிர்பார்த்திருக்கும் பகுதி இதுவே. பிறகு விலை, உத்தரவாதம். கடைசி 25 நிமிடங்கள் உங்கள் கேள்விகளுக்கு.

இக்கூட்டம் பதிவு செய்யப்படுகிறது. முகமோ குரலோ பதிவாவதை விரும்பாதவர்கள் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, கேள்வியை சாட்டில் எழுதலாம். பெயர் சொல்லாமல் வாசிப்பேன்.

மலையோரத்தில் சிக்னல் கிடைக்காமல் தாமதமாக இணைவோருக்காக, செயல்விளக்கத்துக்கு முன் இதுவரை பேசியதைச் சுருக்கமாகச் சொல்வேன். முழுப் பதிவும் நாளை காலை உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும். இப்போது அறிமுகத்தைத் தொடங்குவோம்.