ஆசாரி அண்ணனுக்கு, ஜிமிக்கித் தோடு விஷயம்

அண்ணே, வணக்கம். போன கிழமை காட்டுகிறேன் என்று சொன்ன படம் இனி இல்லை, போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அதோடு போய்விட்டது. அம்மாச்சி காதில் கிடந்த தோடு அது. நகை அடகில் மூழ்கி இருபது வருஷமாகிறது, படம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதனால் எழுதியே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மேலே ஏழு கல் தோடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, எல்லாம் ஒரே அளவு, 3 மி.மீ. உருண்டைக் கல். ஓரத்தோடு சேர்த்து 11 மி.மீ. வரும், சட்டைப் பொத்தான் அளவுதான், அதைவிடப் பெரிதாக வேண்டாம். சுற்றியுள்ள ஆறும் சிவப்பு, செயற்கைக் கெம்பு போதும். நடுக்கல் வெள்ளை. அதை மாத்தறை வைரம் என்று அம்மாச்சி பெருமையாகச் சொல்வார், வைரம் இல்லை, சர்க்கோன் கல்தான். கிடைத்தால் அதையே போடுங்கள், கடைகளில் அமெரிக்கன் டயமண்ட் என்று தருவது அது இல்லை, பளபளப்பே வேறு.

பழையதில் கல்லுக்குப் பின்பக்கம் மூடி உள்ளே தகடு வைத்திருந்தார்கள். தண்ணீர் இறங்கித் தகடு கறுத்து, சிவப்புக் கல் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர் மழைக்கு அது சரிப்படாது, பின்பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

ஜிமிக்கிதான் முக்கியம். குடை மாதிரி விரியாது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருண்டு வந்து வாய்ப்பக்கம் மட்டும் லேசாக வெளியே மடங்கும். வாய் அகலம் 14 மி.மீ., உயரம் 12. மேல் பாதியில் உச்சியிலிருந்து இறங்கும் எட்டு இதழ், வழவழப்பாக. கீழ்ப் பாதி சல்லடை வேலை. அப்புறம் விளிம்பில் இரண்டு வரி முறுக்குக் கம்பி, நடுவே ஒரு வரி அரும்பு. அரும்புகள் கடுகைவிடச் சின்னதாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். இடைவெளி விட்டு வைத்தால் பல் விழுந்த மாதிரி இருக்கும், தயவுசெய்து நெருக்கி வையுங்கள். அடியில் சின்ன வெள்ளை முத்து, பக்கத்துக்கு 12.

எடை என் கணக்கில் கல்லும் முத்தும் நீங்கலாக ஜோடி ஒரு பவுன், 8 கிராம்; தோடு ஒன்று 2, ஜிமிக்கி ஒன்று 2. அரை கிராம் கூடினால் பரவாயில்லை, அதற்கு மேலென்றால் முதலில் சொல்லுங்கள். 22 கரட்.

ஜிமிக்கியைப் பற்ற வைத்துவிடாதீர்கள், கழற்றி மாட்டக் கொக்கி வையுங்கள், மகள் வேலைக்குப் போகும்போது தோடு மட்டும் போடுவாள். திருகாணி கொஞ்சம் தடிப்பாக.

தங்கம் உருக்குவதற்கு முன்னால் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள், அம்மாவிடம் காட்டிக் கேட்கிறேன், அவருக்கு என்னைவிட நன்றாக ஞாபகமிருக்கும். சனிக்கிழமை ஹட்டன் டவுனுக்கு வருவேன், அறுந்த சங்கிலியையும் அப்போதே கொண்டுவருகிறேன், என் முன்னாலேயே நிறுத்துப் பாருங்கள்.