ஏழாம் வகுப்பு வரலாறு, முதல் பருவம்: பாடம், திறன், மதிப்பீடு மூன்றும் சேர்ந்த திட்டம் (கூடலூர், பந்தலூர் பக்கம் நம் மூன்று பள்ளிகளுக்கு)

டீச்சர், சார், எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் பேசியபடி முழுத் திட்டத்தையும் எழுதியிருக்கிறேன். இதை வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று பிரித்த பட்டியலாகப் படிக்க வேண்டாம். அந்த மாதிரி பட்டியல் நம் எல்லாரிடமும் ஏற்கனவே இருக்கிறது, அதில் பாடம் ஒரு பக்கம் போகும், செயல்பாடு வேறு பக்கம் போகும், கடைசியில் தேர்வு இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஆண்டுகளை மட்டும் கேட்கும். இந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு திறனை முதுகெலும்பாக வைத்திருக்கிறேன்: ஒரு சான்றைப் பார்த்ததும் இதை யார் எழுதினார், யாருக்காக, எப்போது, இதில் யாருடைய குரல் இல்லை என்று பிள்ளை கேட்கப் பழகுவது. நான்கு பாடத்திலும் இதைக் கற்பிக்கிறோம், நான்கு இடத்தில் மதிப்பிடுகிறோம். மற்ற திறன்கள் (காலவரிசை, வரைபடம், காரணம் சொல்லுதல்) இதற்குத் துணையாக வரும்.

கணக்கு

ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி காலாண்டுக்கு முன் 14 வாரம். சமூக அறிவியலுக்கு வாரம் ஐந்து பாடவேளை, அதில் மூன்றை வரலாற்றுக்கு வைக்கிறேன், மீதி புவியியலுக்கும் குடிமையியலுக்கும். 6ஆம் வாரத்தையும் 10ஆம் வாரத்தையும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, ஜூலையில் கலெக்டர் விடுமுறை அறிவிக்காத வருஷம் அபூர்வம். மழை குறைந்து நாள் மிச்சமானால் அந்த வாரங்களில் புதுப் பாடம் எடுக்காதீர்கள், பின்தங்கிய பிள்ளைகளோடு உட்காருங்கள்.

வாரம் 1 முதல் 3: இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்கள்

மூன்று வாரம் அதிகம் என்று தோன்றும், ஆனால் இந்தப் பாடத்தை வேகமாக ஓட்டினால் மற்ற மூன்றும் வெறும் மனப்பாடமாகிவிடும். பாடநூலில் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணிகள் குறிப்பு என்று வகைகள் வரிசையாக வரும். அந்த வரிசையிலேயே போகலாம், ஆனால் முதல் பாடவேளையை நம் மலையிலிருந்து தொடங்குவோம். சாமராஜநகரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1117ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அஞ்சவைத்ததாகவும் நீலமலையைக் கைப்பற்றியதாகவும் அதில் பெருமை பேசுகிறது. குண்டல்பேட்டை வழியாக மைசூர் போகும்போது அந்த மாவட்டத்தைத்தான் கடக்கிறோம், அதனால் பிள்ளைகளுக்கு இடம் உடனே பிடிபடும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இந்தக் கல்வெட்டு யாருடைய பக்கம் நின்று பேசுகிறது? 1117இல் ஹொய்சளர்கள் இந்த மலையை அறிந்திருந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லலாமா? (சொல்லலாம்.) தோடர்கள் உண்மையிலேயே பயந்தார்கள் என்று சொல்லலாமா? (தளபதி அப்படிச் சொல்லிக்கொண்டான் என்று மட்டும்தான் சொல்லலாம்.) தோடர்கள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள், அதற்கு இந்தக் கல்லில் விடை இருக்கிறதா? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதை நாடகமாக நடிக்க வைக்க வேண்டாம். தோடர், பணியர், குறும்பர் எல்லாம் பழைய காலத்து ஆட்கள் இல்லை, நம் வகுப்பிலும் பக்கத்து வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

இரண்டாம் வாரம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. குடவோலை முறையைச் சொல்லிவிட்டு அப்படியே போய்விடாமல், யார் போட்டியிட முடிந்தது, யாரால் முடியாது என்பதையும் கல்வெட்டே சொல்கிறது என்று காட்டுங்கள், நிலமும் வீடும் கல்வியும் உள்ளவர்களுக்கான விதிகள் அவை. மூன்றாம் வாரம் நாணயமும் பயணிகளும். முகமது கோரியின் பொன் நாணயத்தில் லட்சுமி உருவம் இருப்பது இந்த வயதுப் பிள்ளைகளை நன்றாக யோசிக்க வைக்கும், விடையை உடனே சொல்லாதீர்கள். சான்றே அழிந்துபோவதைப் பற்றிக் கேள்வி வந்தால் தண்ணாயக்கன் கோட்டையைச் சொல்லுங்கள்: பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது, தண்ணீர் நன்றாக வற்றும்போது கோயில் வெளியே தெரியும்.

மதிப்பீடு: வளரறி (அ) முதல் செயல்பாடு, சான்று அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்று, 10 மதிப்பெண். யார், எப்போது என்பதற்கு 2, யாருக்காக என்பதற்கு 2, இதை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு 3, எதைச் சொல்ல முடியாது என்பதற்கு 3. கடைசி மூன்றைக் குறைக்காதீர்கள், திட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொல்லட்டும், வீட்டில் மலையாளமோ கன்னடமோ பணியர் மொழியோ பேசும் பிள்ளை தமிழ் எழுத்துப் பிழையால் வரலாற்று மதிப்பெண்ணை இழக்கக் கூடாது.

வாரம் 4, 5: வட இந்தியப் புதிய அரசுகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். மழைக்கு இந்தப் பாடத்தைத் தெரிந்தேதான் வைத்தேன், வீட்டிலிருந்தே படிக்கக்கூடியது. கன்னோசிக்காகப் பிரதிகாரர், பாலர், ராஷ்டிரகூடர் மோதியது, தர்மபாலரின் விக்கிரமசீலா, 1191, 1192 தராயின் போர்கள். திறன்: காலவரிசையும் காரணமும். முதல் போரில் வென்ற பிருத்விராஜ் ஒரே வருஷத்தில் ஏன் தோற்றார் என்பதற்கு இரண்டு காரணம், சொந்த வாக்கியத்தில். வளரறி (ஆ) சிறுதேர்வு ஒன்று, ஐந்து மதிப்பெண், அதில் மூன்று தகவலுக்கு, இரண்டு காரணத்துக்கு.

வாரம் 7 முதல் 9: பிற்காலச் சோழர்களும் பாண்டியர்களும்

பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் பாடம் இது, நமக்கும் சொல்ல ஆசையாக இருக்கும், ஆனால் பெருமை பேசியே மூன்று வாரமும் போய்விடும் ஆபத்தும் உண்டு. முதலாம் ராஜராஜன் (985 முதல் 1014), 1010இல் முடிந்த பெரிய கோயில், ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்பு, முதலாம் குலோத்துங்கன் சுங்கம் நீக்கியது, பிறகு பாண்டியர் எழுச்சி, 1279இல் சோழர் ஆட்சி முடிவு. தகவல் இவ்வளவு போதும்.

திறன்: இரண்டு வகைக் கல்வெட்டை ஒப்பிடுவது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி "திருமகள் போல" என்று தொடங்கி வென்ற நாடுகளை அடுக்கும், அதில் கங்கபாடியும் உண்டு. அதே அரசனின் பெரிய கோயில் கல்வெட்டு, தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று கணக்காகப் பதிவு செய்யச் சொல்கிறது. முதலாவது புகழுக்கு எழுதியது, இரண்டாவது கணக்குக்கு. எதை எதற்கு நம்பலாம் என்று பிள்ளைகளே வாதாடட்டும்.

இப்போது புணிசன் கல்வெட்டைத் திரும்ப எடுங்கள். ராஜராஜன் வென்றதாகச் சொன்ன அதே கங்கபாடியைத்தான் குலோத்துங்கன் ஆட்சியின் பிற்பகுதியில் ஹொய்சளர்கள் தலைக்காட்டோடு சேர்த்துப் பிடித்தார்கள், அதற்கு அடுத்த வருஷத்துக் கல்வெட்டு நம் மலையைப் பற்றியது. வென்றவன் கல்லில் எழுதுவான், இழந்த நிலத்தைத் தன் மெய்க்கீர்த்தியில் எந்த அரசனும் சொல்லமாட்டான், அதனால் இழப்பைத் தெரிந்துகொள்ள எதிராளியின் கல்வெட்டைப் படிக்க வேண்டும். முதல் வாரம் படித்தது ஏழாம் வாரம் வேறொரு பாடத்துக்கு விடையாக வருவதைப் பிள்ளைகள் பார்த்தால் அப்புறம் அவர்களே தேட ஆரம்பிப்பார்கள். தென்னிந்திய வரைபடத்தில் தஞ்சாவூர், தலைக்காடு, துவாரசமுத்திரம், மதுரை, நம் ஊர் ஐந்தையும் குறிக்கச் சொல்லுங்கள், மைசூர் பீடபூமியிலிருந்து கொங்குக்கு இறங்கும் வழியில் இந்த மலை இருப்பது தெரியட்டும்.

மதிப்பீடு: வளரறி (அ) இரண்டாம் செயல்பாடு, வரைபடமும் அதன் கீழே ஐந்து வாக்கியமும், 10 மதிப்பெண், வாக்கியங்களில் குறைந்தது ஒன்றாவது சான்றின் பெயரைச் சொல்ல வேண்டும். வளரறி (ஆ) சிறுதேர்வு இரண்டு.

வாரம் 11 முதல் 13: டெல்லி சுல்தானியம்

1206 முதல் 1526 வரை ஐந்து மரபுகள். எல்லாச் சுல்தானையும் ஒரே அளவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மரபுகளின் காலக்கோட்டை ஒரே பாடவேளையில் சுவரில் ஒட்டிவிட்டு மூன்று பேரோடு நில்லுங்கள்: ரஸியா (1236 முதல் 1240), அலாவுதீன் கில்ஜி, முகமது பின் துக்ளக். அலாவுதீனோடு மாலிக் காபூர் வருவார், 1311இல் துவாரசமுத்திரத்துக்கும் பிறகு மதுரைக்கும் வந்த வழியைப் பழைய வரைபடத்திலேயே வேறு நிறத்தில் வரையட்டும், புது வரைபடம் வேண்டாம்.

துக்ளக்குக்கு முழு வாரம். தலைநகரை டெல்லியிலிருந்து தேவகிரிக்கு மாற்றியதைப் பற்றிப் பரணியும் இபன் பதூதாவும் எழுதியிருக்கிறார்கள். மாற்றம் நடந்தது 1327 வாக்கில், இபன் பதூதா டெல்லி வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. பரணி தன் நூலை முடித்தது பெரோஸ் ஷா காலத்தில், அரசவைச் செல்வாக்கை இழந்த பிறகு. இப்போது கேள்வி: யார் கண்ணால் பார்த்தார், யார் கேட்டு எழுதினார், கோபத்தில் எழுதியதா, அப்படியானால் அது முழுப் பொய்யாகிவிடுமா? "பைத்தியக்கார ராஜா" என்று ஒரு வரியில் முடிக்கும் பழக்கத்தை நாம் மூன்று பேரும் சேர்ந்தே விட்டுவிடுவோம்.

மதிப்பீடு: வளரறி (அ) மூன்றாம் செயல்பாடு, துக்ளக்கைப் பற்றி ஒரு பத்தி, முதல் செயல்பாட்டின் அதே 2, 2, 3, 3 அளவுகோலில். ஒரே அளவுகோல் என்பதால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும். சிறுதேர்வு மூன்று.

வாரம் 14, அப்புறம் காலாண்டு

வளரறி (அ) 20, (ஆ) 20, தொகுத்தறி 60 என்பது சமூக அறிவியல் முழுமைக்கும், அதில் வரலாற்றின் பங்கைத்தான் இங்கே திட்டமிடுகிறோம். (அ)வுக்குப் பிள்ளை சிறப்பாகச் செய்த செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். தொகுத்தறி பொதுத்தாளாக வந்தால் பொருத்துக, கோடிட்ட இடம் எல்லாம் இருக்கத்தான் செய்யும், அதற்காகத்தான் சிறுதேர்வுகளில் தகவலுக்கும் இடம் விட்டேன். தாளை நாமே எடுத்தால் ஐந்து மதிப்பெண் நெடுவினா ஒன்று கட்டாயம் இப்படி இருக்க வேண்டும்: "ஓர் அரசனின் மெய்க்கீர்த்தியையும் ஒரு பயணியின் குறிப்பையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எதை அறியலாம், எதை அறிய முடியாது என எழுதுக." கடைசி வாரத்தில் இதே மாதிரி இரண்டு வினாவை வகுப்பில் எழுதிப் பார்க்கட்டும், புதுச் சான்றோடு.

வேலைப் பிரிவு: சான்று அட்டைகளை நான் தயாரித்து ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்புகிறேன். வரைபட நகல் பந்தலூர் டீச்சர் பொறுப்பு. சிறுதேர்வு மூன்றுக்கும் வினாவை சார் எடுத்துத் தாருங்கள், ஜூலை மழைக்கு முன் கையில் இருந்தால் நல்லது, கரண்ட் போனால் இரண்டு நாள் பிரிண்ட் எடுக்க முடியாது. 6ஆம் வாரம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் போனில் பேசி, மூன்று பள்ளியின் சான்று அட்டைகளிலிருந்து ஐந்தைந்து எடுத்து மாற்றித் திருத்திப் பார்ப்போம், அளவுகோலை மூன்று பேரும் ஒரே மாதிரி போடுகிறோமா என்று அப்போது தெரியும்.